ஜிமெயில் திறக்காத காலை

2021 மார்ச் 23ஆம் தேதி காலையில் இந்தியாவில் ஆண்ட்ராய்டு போனைக் கையில் எடுத்த பலருக்கு ஜிமெயில் திறக்கவில்லை. தொட்டால் திறப்பதுபோல் திறந்து உடனே மூடிக்கொண்டது. ஜிமெயில் மட்டும் அல்ல, ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத பல செயலிகள் அன்று அப்படித்தான் நடந்துகொண்டன. பல நாடுகளில் மக்கள் தங்களுக்குத் தெரிந்த கைவைத்தியத்தைச் செய்து பார்த்தார்கள். கேஷை அழித்தார்கள், டேட்டாவை அழித்தார்கள், செயலியையே தூக்கிவிட்டு மறுபடி போட்டார்கள்.

கோளாறு அந்தச் செயலிகளுக்குள் இல்லை. ஆண்ட்ராய்டில் வெப்வியூ என்று ஒரு பொதுவான பாகம் இருக்கிறது. எந்தச் செயலியாவது தனக்குள் ஒரு வலைப்பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் அந்த வேலையை வெப்வியூவிடம் ஒப்படைத்துவிடும். குரோமும் வெப்வியூவும் புதிய அமைப்புகளை வாங்கிச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாட்டில் புகுந்த பிழை வெப்வியூவை வீழ்த்தியது. அதை நம்பியிருந்த செயலிகளும் கூடவே விழுந்தன. வெப்வியூவின் அப்டேட்டை நீக்கிவிட்டு போனை மறுபடி இயக்கச் சொல்லி சாம்சங்கின் அமெரிக்க உதவிப் பிரிவு யோசனை சொன்னது. சில மணி நேரத்தில் கூகுள் வெப்வியூவுக்கும் குரோமுக்கும் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

ஜிமெயிலை எத்தனை முறை எடுத்துப் போட்டிருந்தாலும் அன்று பயன் இருந்திருக்காது, ஏனென்றால் அழிக்க வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. செயலியின் அமைப்புப் பக்கத்தில் உள்ள Clear cache, Clear storage, Uninstall ஆகிய மூன்று பொத்தான்களும் ஒரே மருந்தின் சின்ன டோஸ், நடு டோஸ், பெரிய டோஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மூன்றும் போனின் வெவ்வேறு இடங்களில் கை வைக்கின்றன. சில நேரங்களில் நடுப் பொத்தான் துடைக்கும் ஒன்றைப் பெரிய பொத்தானால் துடைக்க முடியாது. அது எப்படி என்று புரிய, செயலி போனுக்குள் எங்கே குடியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

செயலி ஒன்றை நிறுவியதும் ஆண்ட்ராய்டு அதற்கு இரண்டு இடங்களைக் கொடுக்கிறது. ஒன்று `/data/app` என்ற கோப்புறைக்குள் வருகிறது. கடையிலிருந்து இறங்கிய நிரல் தொகுப்பும், அது வேகமாக ஓடுவதற்காக இந்த போனின் சில்லுக்கு ஏற்றபடி போனே மொழிபெயர்த்து வைத்த நிரலும் அங்கே இருக்கும். இந்த இடத்தில் செயலி எதையும் எழுத முடியாது. அது எழுதுவதெல்லாம் இரண்டாவது இடத்தில்தான். குறிப்பு எழுதும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உள்பெயர் `com.example.kurippu` என்றால் அதன் சொந்த அறை இப்படி இருக்கும்:

```
/data/data/com.example.kurippu/
    cache/
    code_cache/
    databases/
    files/
    no_backup/
    shared_prefs/
```

எழுதிய குறிப்புகள் `databases` கோப்புறையில் ஒரு தரவுத்தளமாகக் கிடக்கும். எழுத்தின் அளவு, இரவு நிறமா பகல் நிறமா, கடைசியாகத் திறந்த பக்கம் எது என்பன போன்ற சின்னச் சின்ன விருப்பங்கள் `shared_prefs` கோப்புறையில் இருக்கும். இணைத்த படங்களும் ஒலிப்பதிவுகளும் `files` கோப்புறைக்குள் போகும். மறுபடி உண்டாக்கிக்கொள்ளக் கூடியவை `cache` கோப்புறையில் சேரும். படங்களின் சிறு வடிவங்கள், சர்வரிலிருந்து ஒருமுறை வாங்கி வைத்த பக்கங்கள் ஆகியவை இந்த வகை.

ஒவ்வொரு செயலியையும் லினக்ஸ் தனிப் பயனராகவே நடத்துகிறது. பத்தாயிரத்துக்கு மேல் ஓர் எண் அதற்குக் கிடைக்கும். அந்த எண்ணுக்குச் சொந்தமான அறைக்குள் இன்னொரு செயலி எட்டிப் பார்க்க முடியாது. போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் 'கிளீனர்' செயலிகளுக்கும் இது பொருந்தும். மற்றச் செயலிகளின் கேஷை மொத்தமாக அழிக்கும் அனுமதி ஆண்ட்ராய்டு 6 முதல் சாதாரணச் செயலிகளுக்குக் கிடைப்பதில்லை. போன் தானே செய்யும் வேலையைச் செய்து காட்டுவதாக அவை விளம்பரம் போடுகின்றன. அவற்றை நிறுவுவதால் இடம் குறைவதுதான் நிச்சயம்.

இந்த இரண்டு இடங்களுக்கு வெளியே, கோப்பு மேலாளரில் தெரியும் பொதுச் சேமிப்பிலும் செயலிக்கு ஒரு மூலை உண்டு. `Android/data` கோப்புறைக்குள் அதன் பெயரில் உள்ள உறை அது. பெரிய விளையாட்டுகள் தங்கள் காட்சிக் கோப்புகளை `Android/obb` என்ற பக்கத்துக் கோப்புறையில் வைப்பது உண்டு. `DCIM`, `Pictures`, `Download` ஆகியவை யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கூடம்.

இனி பொத்தான்களுக்கு வரலாம். அமைப்புகளில் அந்தக் குறிப்புச் செயலியின் சேமிப்புப் பக்கத்தைத் திறந்தால் மூன்று எண்கள் தெரியும். எடுத்துக்காட்டாக, செயலியின் அளவு 118 எம்பி, பயனர் தரவு 236 எம்பி, கேஷ் 58 எம்பி, மொத்தம் 412 எம்பி என்று வைத்துக்கொள்வோம்.

Clear cache பொத்தானைத் தொட்டால் `cache`, `code_cache` இரண்டும் காலியாகும். பொதுச் சேமிப்பில் அந்தச் செயலிக்கு இருக்கும் கேஷ் கோப்புறையும் கூடவே காலியாகும். மொத்தம் 354 எம்பிக்கு இறங்கும். வேறு எதுவும் மாறாது. பயனர் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட மாட்டார், குறிப்புகள் அப்படியே இருக்கும், அனுமதிகளும் அப்படியே. அடுத்த முறை திறக்கும்போது படங்கள் சற்றுத் தாமதித்து வரும், கொஞ்சம் டேட்டா செலவாகும். சில நாள் கழித்துப் பார்த்தால் கேஷ் எண் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே ஏறியிருக்கும். அதைக் குறை என்று சொல்ல முடியாது, கேஷின் வேலையே அதுதான்.

இடம் வேண்டும் என்பதற்காக இந்தப் பொத்தானை வாரந்தோறும் தொடுவதில் பெரிய லாபம் இல்லை. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் கேஷ் ஒதுக்கீடு உண்டு. போனில் இடம் குறையும்போது, ஒதுக்கீட்டைத் தாண்டி நிற்கும் செயலிகளின் கேஷை முதலில் பிடித்து இயங்குதளமே அழித்துவிடும். கையால் அழிக்க வேண்டிய சந்தர்ப்பம் வேறு. பாதியில் அறுந்த பதிவிறக்கம், சிதைந்த படம், பழைய பக்கத்தையே திரும்பத் திரும்பக் காட்டுவது ஆகியவை கேஷ் கெட்டுப்போனதற்கு அடையாளங்கள். அவற்றுக்கு இது சரியான மருந்து, பக்க விளைவும் இல்லை. அழித்த பிறகும் அதே கோளாறு நீடித்தால் காரணம் கேஷில் இல்லை என்று தெளிவாகிவிடும். அதையே இருபது முறை அழிப்பது வீண்.

இதில் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பிறகு பார்க்கலாம் என்று பாட்டுச் செயலியிலோ வீடியோ செயலியிலோ இறக்கி வைத்தவை பெரும்பாலும் கேஷில் இருக்காது. அவை `files` வகையைச் சேர்ந்தவை. பயனர் தரவு எண்ணை வீங்க வைப்பது பெரும்பாலும் அவைதான். அவற்றைச் செயலியைத் திறந்து, உள்ளேயே நீக்குவதுதான் முறை.

அடுத்தது Clear storage. பழைய போன்களிலும் சாம்சங் போன்களிலும் இதன் பெயர் Clear data. இதைத் தொட்டதும் ஓர் எச்சரிக்கை வரும். அது சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை: கோப்புகள், அமைப்புகள் எல்லாம் நிரந்தரமாக அழியும், குப்பைத்தொட்டி கிடையாது. சம்மதித்தால் இயங்குதளம் முதலில் செயலியை நிறுத்தும். பிறகு மேலே காட்டிய அறையில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும், பொதுச் சேமிப்பில் `Android/data` கோப்புறையில் இருக்கும் அதன் உறையைக் காலி செய்யும். கேமரா, மைக், இருப்பிடம் என்று பயனர் கொடுத்திருந்த அனுமதிகளைத் திரும்பப் பெறும். செயலி போட்டு வைத்திருந்த நினைவூட்டல்கள் போகும். ஆண்ட்ராய்டின் சாவிப்பெட்டியில் அந்தச் செயலி வைத்திருந்த குறியாக்கச் சாவிகளும் அழியும். இந்தக் கடைசி விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. அந்தச் சாவியால் பூட்டிய ஒரு கோப்பை முன்பே வேறெங்காவது நகலெடுத்து வைத்திருந்தாலும் இனி அதைத் திறக்க வழி இருக்காது.

மிச்சமிருப்பது 118 எம்பி செயலியும் சில கிலோபைட் வெற்று அறையும். நேற்று இறங்கிய அப்டேட் அப்படியே இருக்கும். பதிப்பு பின்னோக்கிப் போகாது. விளையாட்டாக இருந்தால் `obb` கோப்புறையில் உள்ள பெரிய காட்சிக் கோப்புகள் தொடப்படாமல் இருக்கும், அதனால் அவற்றை மறுபடி இறக்க வேண்டியதில்லை. செயலியைத் திறந்தால் முதல்நாள் மாதிரியே வரவேற்புத் திரை வரும்.

இந்தியாவில் யூபிஐ செயலி வைத்திருப்பவர்கள் இதை நேரடியாகப் பார்க்கலாம். சேமிப்பை அழித்ததும் போனுக்கும் சிம்முக்கும் வங்கிக்கும் இருந்த கட்டு அவிழ்ந்துவிடும். வங்கியில் பதிந்த அதே சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பி அதை மறுபடி கட்ட வேண்டும். சிம் அந்த போனில் இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்தால் கடைக்காரர் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரிடும். யூபிஐ பின் எண்ணுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது போனில் இருப்பதே இல்லை, வங்கியிடம்தான் இருக்கிறது.

சில செயலிகளில் இந்தப் பொத்தானுக்குப் பதில் Manage space என்று இருக்கும். குரோம் இப்படித்தான். மொத்தமாகத் துடைக்கும் முன் எதைத் துடைப்பது என்று செயலியே கேட்கட்டும் என்று ஆண்ட்ராய்டு தரும் வசதி அது. இன்னும் பல செயலிகள் அதைப் பயன்படுத்தலாம். பயன்படுத்துபவை குறைவு என்பது வருத்தமான விஷயம்.

மூன்றாவது, அன்இன்ஸ்டால். இது அறையையும் அழிக்கிறது, நிரலையும் அழிக்கிறது. `/data/app` கோப்புறையில் இருந்த தொகுப்பு, மொழிபெயர்த்த நிரல், சொந்த அறை, பொதுச் சேமிப்பில் இருந்த உறைகள், `obb` எல்லாமே போகும். 412 எம்பியும் திரும்பக் கிடைக்கும். போனோடு வந்த செயலிகள் மட்டும் விதிவிலக்கு. அவை எழுத முடியாத தனிப் பகுதியில் இருப்பதால் அவற்றை முடக்கலாம், அல்லது Uninstall updates மூலம் வாங்கிய நாளின் பதிப்புக்குத் திருப்பலாம். வெப்வியூவுக்கு அன்று செய்யச் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் அன்இன்ஸ்டால்தான் முழுமையான சுத்தம் என்று தோன்றும். குறிப்புச் செயலியில் ஒரு கோளாறு வந்ததாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒருநாள் அது திறந்ததும் மூடத் தொடங்குகிறது. உண்மையான காரணம், `shared_prefs` கோப்புறையில் ஓர் அமைப்பு தப்பாக எழுதப்பட்டுவிட்டது. கடைசியாகத் திறந்த பக்கத்தின் எண் அங்கே இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் தரவுத்தளத்தில் இல்லை. செயலி திறந்ததும் இல்லாத பக்கத்தைத் தேடிப்போய் விழுகிறது.

முதலில் கேஷை அழித்துப் பார்க்கிறார்கள். பயன் இல்லை, அமைப்புகள் கேஷில் இல்லையே. அடுத்து அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். திறக்கிறார்கள். அதே மாதிரி மூடிக்கொள்கிறது. செயலியே மோசம் என்று ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார்கள்.

நடந்தது என்ன? 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் தானியங்கி பேக்கப் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பயனர் அமைப்புகளில் பேக்கப்பை இயக்கி வைத்திருந்து, செயலியை எழுதியவரும் அதைத் தடுக்காமல் இருந்தால், போன் சார்ஜில் சும்மா கிடக்கும் நேரமாகப் பார்த்து, வைஃபை வழியாகச் செயலியின் தரவை கூகுள் கணக்குக்கு அனுப்பி வைக்கும். ஒரு செயலிக்கு 25 எம்பி வரை இடம். `shared_prefs`, `databases`, `files` மூன்றும் இதில் போகும். `cache`, `code_cache`, `no_backup` மூன்றும் போகாது. அதே செயலியை மறுபடி நிறுவும்போது, பயனர் அதை முதல் முறை திறப்பதற்கு முன்பே, இயங்குதளம் அந்தப் பேக்கப்பை இறக்கி அறையில் வைத்துவிடும்.

குறிப்புச் செயலியின் கதையில் தரவு 236 எம்பி. அது 25 எம்பியைத் தாண்டிவிட்டால் பேக்கப்பே நடக்காது என்பதால், இணைப்புக் கோப்புகளை விட்டுவிட்டு அமைப்புகளை மட்டும் அனுப்பும்படி எழுதியவர் வரையறுத்திருக்கிறார். பல செயலிகள் இப்படித்தான் செய்கின்றன. கெட்டுப்போன அந்த அமைப்பும் முந்தின இரவு பத்திரமாக மேலே போய்விட்டது. செயலியை மறுபடி போட்டதும் அது பத்திரமாகக் கீழே இறங்கியது. வீட்டை இடித்துக் கட்டினாலும் பழைய ஓட்டைக் குடத்தையே கொண்டுவந்து வைத்தமாதிரி ஆனது.

Clear storage செய்திருந்தால் இது நேர்ந்திருக்காது. பேக்கப் திரும்பி இறங்குவது நிறுவும் நேரத்தில்தான், தரவை அழிக்கும் நேரத்தில் அல்ல. அறை காலியாகும், காலியாகவே இருக்கும், செயலி புதிதாக எழுதிக்கொள்ளும். சின்னதாகத் தெரியும் பொத்தான் பெரிய பொத்தானைவிட ஆழமாகத் துடைக்கும் இடம் இதுதான். செயலியை எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சோதிக்கும்போது அவர்கள் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் போடுவதில்லை, கணினியிலிருந்து ஒற்றை வரியில் அறையைக் காலி செய்துவிடுவார்கள்:

```
adb shell pm clear com.example.kurippu
```

எடுத்துப் போட்ட செயலியில் பேக்கப் திரும்பி வந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. முதல் தடவை திறக்கும்போதே பழைய நிறமும் பழைய எழுத்தளவும் வந்தால், வரவேற்புத் திரையே வராமல் போனால், வந்திருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது சேமிப்பை அழிப்பது. இப்போதிருக்கும் நிறுவலின் மீதே அதைச் செய்யலாம்.

நிரல் கெட்டுப்போயிருந்தால் கதை தலைகீழ். அப்டேட் பாதியில் அறுந்தோ நிரல் தொகுப்பே சிதைந்தோ இருந்தால் சேமிப்பை அழிப்பதால் குறிப்புகளை இழப்பதுதான் மிச்சம். அதற்கு அன்இன்ஸ்டால்தான் மருந்து. இரண்டில் எது என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. அப்டேட் வந்த அன்றே கோளாறு தொடங்கியிருந்து, அதே செயலி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அது இருந்தால் குற்றம் நிரலில். ஒருவருக்கு மட்டும், எந்த அப்டேட்டும் இல்லாமல் தொடங்கினால் பெரும்பாலும் தரவில்.

அண்மைக் காலத்தில் இன்னொரு பொத்தானும் சேர்ந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் கூகுள் பிளே தானாகக் காப்பகப்படுத்தும் வசதியை அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 15 அதை அமைப்புகளுக்குள்ளேயே Archive என்ற பொத்தானாகக் கொண்டுவந்தது. இது சேமிப்பை அழிப்பதற்கு நேரெதிர். நிரலை எடுத்துவிடும், அறையை விட்டுவைக்கும். சின்னத்தைத் தொட்டால் நிரல் மறுபடி இறங்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும். செயலி பிடித்திருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம் வரை இதனால் மீளும் என்று கூகுள் சொன்னது. குறிப்புச் செயலியில் அவ்வளவு கிடைக்காது, அங்கே கனமானது தரவுதான். ஆண்டுக்கொரு முறை மட்டும் திறக்கும் பயணச் செயலிக்கோ, வரி கட்டும் செயலிக்கோ இதைவிட நல்ல வழி இல்லை.

இத்தனை பொத்தான்களும் போனுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. செயலியை அழித்ததால் அதன் நிறுவனத்திடம் இருக்கும் கணக்கு அழியாது. மாதச் சந்தா நிற்காது, பிளே ஸ்டோரில் தனியாக ரத்து செய்தால்தான் நிற்கும். யூபிஐ வழியாகக் கொடுத்த தானியங்கிப் பணப்பிடிப்பு ஒப்புதலும் செயலி போன பிறகு தொடரும். கணக்கைத் தொடங்க விடும் செயலி, அதை அழிக்கவும் உள்ளேயே வழி வைக்க வேண்டும், வலைத்தளத்திலும் வைக்க வேண்டும் என்று கூகுள் 2023இல் விதி போட்டது. கணக்கை அழிக்க விரும்புபவர் செயலியை நீக்கும் முன் அந்த வழியைத் தேடுவது நல்லது.

இன்னொன்றும் தங்கும். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் இந்த போனை அடையாளம் காட்டும் ஓர் எண்ணை இயங்குதளம் தருகிறது. சேமிப்பை அழித்தாலும் அது மாறாது. எடுத்துவிட்டுப் போட்டாலும் அதே நிறுவனத்தின் கையொப்பம் இருக்கும்வரை அதே எண்தான் கிடைக்கும். போனையே தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் மாறும். புதியவர்களுக்கான சலுகையை இரண்டாவது முறை வாங்கப் பார்க்கும்போது செயலி அடையாளம் கண்டுகொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

தங்கும் என்று நம்பி இழப்பது இதைவிடக் கொடுமை. வாட்ஸ்அப்பின் உரையாடல்கள் அதன் சொந்த அறையில் தரவுத்தளமாக இருக்கின்றன. நாள்தோறும் இரவு 2 மணிக்கு அதன் பூட்டிய நகல் ஒன்று பொதுச் சேமிப்பில் எழுதப்படும். முன்பு அந்த நகலும் வந்துசேர்ந்த படங்களும் பொதுக்கூடத்தில் `WhatsApp` என்ற தனிக் கோப்புறையில் இருந்தன. செயலியை எடுத்தாலும் அந்தக் கோப்புறை கிடக்கும், மறுபடி போட்டு அதே எண்ணை உறுதிசெய்தால் எல்லாம் திரும்பும். இந்தப் பழக்கம் பலருக்குக் கையில் ஊறிப்போனது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 செயலிகள் பொதுக்கூடத்தில் இஷ்டத்துக்குக் கோப்புறை போடுவதைத் தடுத்தது. வாட்ஸ்அப் தன் மூட்டையை `Android/media/com.whatsapp` என்ற உறைக்கு மாற்றியது. அந்த உறை செயலியின் பெயரில் இருக்கிறது. செயலி நீங்கும்போது அதன் பெயரில் உள்ள உறையையும் சேர்த்து நீக்கும் உரிமை இயங்குதளத்துக்கு உண்டு. ஆகவே பழைய நம்பிக்கையில் வாட்ஸ்அப்பை எடுப்பது ஆபத்து. அந்த உறையைக் கணினிக்கு நகலெடுத்த பிறகோ, கூகுள் கணக்கில் பேக்கப் முடிந்த தேதியை வாட்ஸ்அப் அமைப்புகளில் கண்ணால் பார்த்த பிறகோதான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையான இழப்பு, கணக்குகளுக்கு ஆறு இலக்கக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலிகளில்தான் நேர்கிறது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் அந்த எண்கள் சர்வரிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் கியூஆர் படத்திலிருந்து ஒருமுறை வாங்கிய ரகசியச் சரத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்து போனே கணக்கிடுகிறது. அந்தச் சரம் இருப்பது செயலியின் அறையில். கூகுள் ஆதென்டிகேட்டர் 2010 முதல் இருந்தும், 2023 ஏப்ரல் வரை அந்தச் சரங்களைக் கணக்கில் சேமிக்கும் வசதி அதில் இல்லை. அதுவரை சேமிப்பை அழித்தவர், செயலியை எடுத்தவர் இருவருக்கும் ஒரே கதிதான்: சரங்கள் போய்விட்டன, ஆனால் அந்தந்தக் கணக்கில் இரட்டைப் பூட்டு அப்படியே இருந்தது. சாவியை மட்டும் உருக்கிவிட்டுப் பூட்டின் முன் நின்றார்கள். இன்றும் அந்தச் செயலியைக் கணக்கில் நுழையாமல் பயன்படுத்துபவருக்கு நிலைமை அதுவே.

உங்கள் போனில் அப்படிப்பட்ட செயலி இருந்தால் இன்றே அதைத் திறந்து, கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஏற்றுமதி வசதியால் சரங்களை இன்னொரு போனுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கணக்கும் தந்த மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, போனுக்கு வெளியே வையுங்கள். அதன் பிறகு எந்தப் பொத்தானை வேண்டுமானாலும் தொடலாம்.